மூன்று கார்களும் ஒரு ரயில் கேற்றும்

நாங்கள் மூன்று பேர். மருத்துவ பீடத்தில நாலாம் வருசம், மனநல வோட்டில கிளினிக்கல் நடந்துகொண்டிருந்த நாட்கள். கிழமையில ஒரு நாள் பின்னேரம் சிறுவர் கிளினிக். அறையின் மூலையில மூன்று கதிரைகளைப் போட்டு, வெள்ளைக்கோட்டோட இருந்து, வருகிற பிள்ளைகளைப் பார்த்துக் கொப்பியில எழுதவேணும். அதுதான் எங்கட வேலை. (இதில வருகிற பிள்ளையை ஒருவரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.)

வளர்ந்தவர்களுக்கு மனநிலைப் பரிசோதனை செய்ய எங்களுக்கு ஓரளவு தெரியும். தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, சிந்தனை, கவனம் என்று தலைப்புகளைப் பாடமாக்கி வைத்திருந்தோம். ஆளை முன்னால இருத்திக் கேள்வி கேட்டால் பதில் வரும். வராவிட்டாலும் அதைத் 'வரவில்லை' என்று எழுதலாம். பிள்ளைகளுக்கும் அதே தலைப்புகள்தான், எங்கட கொப்பியிலயும் அதே கோடுகளைத்தான் கீறி வைத்திருந்தோம்.

அண்டைக்கு வந்தவளுக்கு ஆறரை வயது, இரண்டாம் வகுப்பு. அம்மாவின்ர கையில பாடசாலையில இருந்து ஒரு கடிதம். பிள்ளை வகுப்பில ஒரு வசனமும் கதைப்பதில்லை, பெயர் கூப்பிட்டால் 'பிரசன்ட்' என்றுகூடச் சொல்வதில்லை, கவனமும் இல்லை, விசேட கல்வி அலகுக்கு மாற்றுவது நல்லது என்று நினைக்கிறோம், டொக்டரின்ர அபிப்பிராயம் தேவை. ரீச்சரைக் குறை சொல்ல ஏலாது. முதலாம் வகுப்பு முழுக்கப் பொறுத்திருந்துதான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறா.

அம்மா சொன்னா: "வீட்டில இவளின்ர வாய் ஓயாது டொக்டர். தம்பியாரை மேய்க்கிறதே இவள்தான். வெளியில வந்தால்தான் இப்பிடி."

மடம் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தா. பெயர் கேட்கவில்லை. அது எங்களுக்கு விசித்திரமாக இருந்தது. ஆனால் அம்மா விடவில்லை. "சொல்லு குஞ்சு, டொக்டருக்குப் பேரைச் சொல்லு. சொல்லன்." ஒவ்வொரு 'சொல்லு'க்கும் பிள்ளையின்ர தோள் கொஞ்சம் மேல போனது. சட்டை விளிம்பைப் பிடித்த கை இறுகியது. உதட்டை மடித்து உள்ளுக்கு எடுத்துவிட்டாள்.

நிலத்தில ஒரு பாயும் பெட்டியொன்றில விளையாட்டுச் சாமான்களும் இருந்தன. சின்னக் கார்கள், மரக்கட்டைகள், ஒரு பொம்மை, கோப்பைகள், தாள், கலர்ப் பென்சில். பிள்ளை பாயின் ஓரத்தில இருந்தாள். கனநேரம் ஒன்றையும் தொடவில்லை. பிறகு மூன்று கார்களை எடுத்து ஒன்றுக்குப் பின்னால ஒன்றாக வரிசையாக அடுக்கினாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து ஆராவது வந்தால் உடனே நிமிர்ந்து பார்த்தாள்.

இதற்குள்ள எங்கட கொப்பிகள் நிரம்பிவிட்டன. பேச்சு: இல்லை. மனநிலை: சோர்வு, முகத்தில உணர்ச்சி மாற்றம் இல்லை. கவனம்: இலகுவில சிதறுகிறது. விளையாட்டு: கார்களை வரிசைப்படுத்துகிறாள், ஓட்டிஸமா என்று பார்க்கவேண்டும். எங்களில ஒருத்தி கடைசி வரிக்குக் கீழ இரண்டு கோடும் போட்டிருந்தாள். மற்ற இரண்டு பேரும் அவளைப் பொறாமையாகப் பார்த்தோம், அந்த வரிசை எங்கட கண்ணில முதல் படவில்லையே என்று.

மடம் மணிக்கூட்டைப் பார்த்தா. பிறகு எங்களிட்ட மெதுவாகச் சொன்னா: "கோட்டைக் கழட்டிப்போட்டு, கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி இருங்கோ. கொப்பியை மூடுங்கோ. காதை மட்டும் வைச்சிருங்கோ."

தண்டனை என்றுதான் நினைத்தோம். சுவரில ஒரு தடுப்பூசிப் போஸ்டர் இருந்தது, அதின்ர கண்ணாடியில பாய் மங்கலாகத் தெரிந்தது. முழுதாகப் பார்க்காமல் இருந்தோம் என்று சொல்லமாட்டோம்.

மடம் அம்மாவையும் பாயில இருக்கச் சொல்லிவிட்டு, தானும் நிலத்தில இருந்தா. பிள்ளைக்கு நேர முன்னால இல்லை, பக்கவாட்டில, கார்களைப் பார்த்தபடி. கேள்வி ஒன்றும் இல்லை. தனக்குத்தானே கதைக்கிற மாதிரி, "முதலாவது கார் நிக்குது" என்றா. பிறகு பேசாமல் இருந்தா. அந்த மௌனம் எங்களுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. உண்மையில அஞ்சாறு செக்கன்தான் இருக்கும். "பின்னால நிக்கிறதுகளும் பாவம், போக ஏலாமல் நிக்குதுகள்." திரும்பவும் மௌனம்.

பிள்ளை ஒரு நீளமான மரக்கட்டையை எடுத்து முதலாவது காருக்கு முன்னால குறுக்கே வைத்தாள். இன்னும் நாலு கட்டைகளை ஒன்றோட ஒன்று முட்டவைத்து, அந்தக் குறுக்குக் கட்டைக்கு அங்கால, பக்கத்துப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள். கடைசிக் கட்டையும் கடந்த பிறகு குறுக்குக் கட்டையைத் தூக்கினாள். மூன்று கார்களும் ஒவ்வொன்றாகப் போயின.

அது ரயில் கேற். அந்த வரிசை, கேற் திறக்கும்வரை காத்து நின்ற வாகனங்கள்.

ஓட்டிஸத்தில பிள்ளைகள் சாமான்களை வரிசைப்படுத்துவது உண்டு, அது புத்தகத்தில பிழையாக இல்லை. ஆனால் அந்த வரிசை வரிசையாகவே நிற்கும். ஒருவர் குழப்பினால் பிள்ளை குழம்பும். இங்க கட்டை ரயிலாகியது, இன்னொரு கட்டை கேற்றாகியது, கார்களுக்குக் காத்திருக்க ஒரு காரணமும் இருந்தது. பொருளொன்றை இன்னொன்றாகப் பாவனை செய்கிற, தொடக்கமும் முடிவும் உள்ள விளையாட்டு அது. அதோட ரயில் போகும்போது அவள் ஒருக்கால் மடத்தின்ர முகத்தைப் பார்த்து, திரும்ப ரயிலைப் பார்த்தாள். 'நீங்களும் பார்க்கிறீங்களோ' என்கிற பார்வை. கவனத்தைப் பகிர்வது என்று புத்தகம் சொல்வது அதைத்தான். இரண்டு நிமிசம் பொறுத்திருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கவனம் பற்றியும் அப்படித்தான். வெளியில விறாந்தையில ஆரோ ஒரு எவர்சில்வர்த் தட்டைப் பலத்த சத்தத்தோட விழுத்தினார்கள். நாங்கள் மூன்று பேரும் துள்ளினோம். பிள்ளை ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே ரயிலுக்குத் திரும்பினாள். ஆனால் தாதி ஒருவர் பைல் எடுக்கச் சத்தமில்லாமல் உள்ளே வந்தபோது, அவர் போகும்வரை கை கட்டையில அப்படியே நின்றது. சிதறுகிற கவனம் என்றால் சத்தத்துக்கும் சிதறவேணும், யன்னலில பறக்கிற காகத்துக்கும் சிதறவேணும், விளையாட்டுப் பாதியில விட்டுப்போட்டு அடுத்ததுக்குப் போகவேணும். இவள் மனிசருக்கு மட்டும் நின்றாள், நின்ற இடத்தில இருந்தே திரும்பவும் தொடங்கினாள். இருபது நிமிசத்துக்கு மேல அதே ரயில் விளையாட்டு. நாங்கள் கவனக்குறைவு என்று எழுதியது உண்மையில காவல்.

பேச்சுத்தான் கடைசியாக வந்தது. மடம் எழும்பி, எதையோ தேடுகிற மாதிரி அலுமாரிப்பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றா. கொஞ்சநேரத்தில அம்மாவின்ர காதுக்குள்ள ஒரு குசுகுசுப்பு: "அம்மா, மற்றப் பக்கத்துக்கும் கேற் போடவேணும், இல்லாட்டி அங்கால இருந்து வாறவை அடிபட்டுப்போவினம்."

நாங்கள் சுவரைப் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வசனத்துக்குள்ள எத்தனை இருக்கிறது என்று பிறகு மடம் ஒவ்வொன்றாகக் காட்டினா. 'இல்லாட்டி' என்று நிபந்தனை போட்டுக் கதைக்கிறாள். உச்சரிப்புத் தெளிவு. திக்கவில்லை. காரணமும் விளைவும் விளங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆக்களைப் பற்றி யோசிக்கிறாள். வாய் திறக்காத நேரத்திலகூட மொழி விளக்கத்தைச் சோதித்திருக்கலாம். மடம் அதற்கு முதலே "சிவப்புக் காரை அம்மாட்ட குடுத்திட்டு, நீலத்தைப் பெட்டிக்குள்ள போடுவமோ" என்று கேட்டதும், பிள்ளை இரண்டையும் அந்த ஒழுங்கிலேயே செய்ததும் எங்களுக்குச் சோதனையாகவே படவில்லை.

மனநிலையை அவள் சொல்லமாட்டாள் என்பதால் மடம் தாளில மூன்று முகம் கீறினா. சிரிப்பு, அழுகை, பயம். வீட்டில எது, வகுப்பில எது என்று கேட்டு, பென்சிலைப் பாயில வைத்துவிட்டு மற்றப்பக்கம் பார்த்தா. வீட்டுக்குச் சிரிப்பு. வகுப்புக்குப் பயம். அழுகையைத் தொடவேயில்லை. இந்த வயதில பிள்ளைகள் கேட்கிறவரைச் சந்தோசப்படுத்தவும் ஒரு முகத்தைத் தொடுவார்கள், அதனால அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது என்றா மடம். ஆனால் தோள் இறங்கியிருந்தது, கட்டை விழுந்தபோது சிரிப்பு வந்தது, நித்திரையும் சாப்பாடும் குறையவில்லை என்று அம்மா சொன்னா. சோர்ந்த பிள்ளைக்குப் பாதுகாப்பான இடத்திலயும் விளையாட்டு ருசிக்காது. இவளுக்கு ருசித்தது. நாங்கள் பார்த்தது வெறுமையான முகம் இல்லை, உறைந்த முகம். உறையவைத்ததில மூன்று வெள்ளைக்கோட்டுக்கும் பங்கு இருந்தது.

இதை செலெக்டிவ் மியூட்டிஸம் என்கிறார்கள். அமெரிக்க மனநல வகைப்பாட்டில 1994 வரைக்கும் இதின்ர பெயர் எலெக்டிவ் மியூட்டிஸம். பிள்ளை வேணுமென்றே கதைக்காமல் இருக்குது என்கிற அர்த்தம் அதில ஒட்டியிருந்தது. 2013இல் இதைப் பதற்றக் கோளாறுகளோட சேர்த்தார்கள். பாடசாலைக்குப் போகத் தொடங்கிய முதல் மாதத்தின் மௌனத்தைக் கணக்கில எடுக்கக்கூடாது. புதிய மொழிக்குள்ள வந்த பிள்ளையின் மௌனமும் வேற. மடமும் அண்டைக்கே முடிவு எழுதவில்லை. தட்டுச் சத்தம் கேட்டது என்பதற்காகக் காது முழுதாகக் கேட்கும் என்றில்லை என்று செவிப்புலன் சோதனைக்கு எழுதினா. வீட்டில தம்பியோட கதைக்கிறதைப் பிள்ளைக்குத் தெரியாமல் இல்லாமல், அவளுக்குச் சொல்லியே போனில எடுத்துக்கொண்டு வரச் சொன்னா. ரீச்சருக்கு ஒரு பதில் கடிதம்: இப்போதைக்கு வகுப்பை மாற்றவேண்டாம், கதைக்கச்சொல்லி வற்புறுத்தவேண்டாம், கைகாட்டினாலும் தலையாட்டினாலும் பதிலாக எடுங்கோ, பாடசாலை முடிந்த பிறகு வெறும் வகுப்பறையில அம்மாவோட பத்து நிமிசம் கதைத்து விளையாட விடுங்கோ, பிள்ளை பழகினபிறகு நீங்கள் முதலில வாசலில, பிறகு கொஞ்சம் கிட்ட என்று மெதுவாக வாங்கோ.

அவர்கள் போன பிறகு மடம் எங்கட கொப்பிகளை வாங்கிப் பார்த்தா. ஏசவில்லை. 'கவனம் சிதறுகிறது' என்ற வரியைக் காட்டி, "நீங்கள் கண்டது என்ன?" என்று மட்டும் கேட்டா. கதவு திறக்கப் பார்த்தாள், என்றோம். "அப்ப அதை எழுதுங்கோ."

எங்கட கிளினிக்கலின் கடைசிக் கிழமையில அவள் திரும்பவும் வந்தாள். செவிப்புலன் அறிக்கை சரி. போன் வீடியோவில தம்பிக்கு ரீச்சர் விளையாடிக்காட்டி, அவனை ஏசிக்கொண்டிருந்தாள். வகுப்பில இன்னும் கதைக்கவில்லை, பக்கத்துப் பிள்ளையின்ர காதுக்குள்ள ஒரு தரம் ஏதோ சொன்னதாம். நாங்கள் கோட் இல்லாமல் பாயின் ஓரத்தில இருந்தோம், அவளைப் பார்க்காமல். கேற் மூடியிருந்தது. ரயில் பாதி கடந்துகொண்டிருந்தபோது ஒரு மஞ்சள் லொறி பாயில உரசிக்கொண்டு எங்கட பக்கம் வந்து நின்றது. தாங்க்ஸ் சொல்ல வாயெடுத்தோம். மடம் தலையை லேசாக ஆட்டினா, வேண்டாம் என்று. லொறியை எடுத்து, வரிசையில கடைசிக் காருக்குப் பின்னால வைத்தோம்.