ஒரே எண், இரண்டு இடம்

கோவையில் தண்ணீர் பம்ப் செய்யும் ஒரு சிறிய தொழிற்கூடத்தின் மாடியறை. கீழே லேத் ஓடும் அதிர்வு தரையில் தெரிகிறது. மேசைமேல் ஒரு மோனோபிளாக் பம்ப். சாலிட்வொர்க்ஸ் திரையிலும் அதே பம்ப். அதற்கு எக்ஸ்ப்ளோடட் வியூவும், எண் போட்ட பாகப் பட்டியலும் தயார் செய்வதுதான் அங்குள்ள வரைவாளரின் அன்றைய வேலை. பார்க்கப் போயிருந்தேன்.

மாட்டிய பம்பை அதன் அச்சு வழியே இழுத்துப் பிரித்து, பாகங்கள் தத்தம் இடத்துக்கு நேரே மிதப்பதுபோல் காட்டும் படம் அது. ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு கோடு, கோட்டு முனையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் எண். வட்டத்தைப் பலூன் என்கிறார்கள். அந்த எண்ணைப் பட்டியலில் தேடினால் பாகத்தின் பெயர், உலோகம், எத்தனை வேண்டும் என்பதெல்லாம் கிடைக்கும்.

அவர் மவுஸைத் தொடுமுன் கீழிருந்த ஃபிட்டரை அழைத்தார். "அண்ணா, ஒருக்கா கழட்டிக் காட்டுங்க." ஃபிட்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "பார்த்துக்கோ அம்மிணி" என்று போல்ட்டுகளை எடுத்தார். கேசிங், ஓ-ரிங், நட், வாஷர், இம்பெல்லர், கீ, மெக்கானிக்கல் சீல், பேக் பிளேட் எனக் கழன்று, கடைசியில் மோட்டார் மிஞ்சியது. அதே வரிசையில் 1 முதல் 9 வரை எண். கடையில் வாங்கும் கேசிங் போல்ட் கடைசியில் 10. கழற்றுகிறவர் கை போகும் வரிசையிலேயே எண்களும் போனால், பட்டியலை 9-லிருந்து பின்னோக்கிப் பார்த்தே பம்பைப் பூட்டிவிடலாம்.

திரையில் இந்தப் பத்தில் எட்டு பாகங்கள் அச்சு வழியே நேராக நகர்ந்துவிட்டன. தொல்லை தந்தவை கீயும் சீலும்தான்.

கீ சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு. ஷாஃப்ட்டின் பள்ளத்தில் உட்கார்ந்து இம்பெல்லரைச் சுற்ற வைப்பது அதுதான். அச்சு வழியே நகர்த்தினால் இம்பெல்லருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஆகவே வரைவாளர் இதை மட்டும் செங்குத்தாக மேலே தூக்கினார். அங்கிருந்து பள்ளம்வரை ஒரு மெல்லிய கோடு இறக்கினார். கோடு இல்லாவிட்டால் அந்தத் துண்டு எங்கே போகும் என்று படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

சீல் வேறு மாதிரிச் சிக்கல். வாங்கும்போது அது ஒரு பொருள், மாட்டும்போது இரண்டு. ஸ்பிரிங்கும் கார்பன் வளையமும் உள்ள சுழலும் பாதி, ஷாஃப்ட்டில் ஏறுகிறது. பீங்கான் வளையம் பேக் பிளேட்டில் அசையாமல் உட்காருகிறது. சேர்த்தே வரைந்தால் ஃபிட்டருக்கு உதவாது. பட்டியலில் பிரித்தால் ஸ்டோர் குழம்பும். அவர் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பட்டியலை `Parts only` என்று வைத்துவிட்டார்களாம். ஒரு சீல் ஐந்து வரியாக உடைந்தது. ஸ்பிரிங் தனியாக, ரப்பர் தனியாக ஆர்டர் போயிற்று.

இங்கே அவர் `Top-level only` எடுத்தார். சீல் ஒரே வரி, எண் 7, எண்ணிக்கை 1. படத்தில் மட்டும் இரண்டு பாதியையும் தனித்தனியே நகர்த்தி, இரண்டுக்கும் 7 என்றே பலூன் வைத்தார். இரண்டு சீல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே. குறிப்புக் கட்டத்தில் "7 ஒரு செட்" என்று எழுதினார். எனக்கு அந்தத் தாளில் மிகவும் பிடித்தது அந்த ஒற்றை வரிதான்.

அடுத்து எண்களைப் பூட்டும் வேலை. நாளைக்கு வாஷர் தேவையில்லை என்று 4-ஐ எடுத்துவிட்டால், அதற்குக் கீழே எல்லா எண்ணும் ஒன்று குறைந்துவிடும். பழைய தாளை வைத்திருக்கும் மெக்கானிக் "7 அனுப்புங்க" என்பார். சீலுக்குப் பதில் பேக் பிளேட் போகும். அதனால் `Do not change item numbers`. நீங்கிய எண் காலியாகவே கிடக்கும், புதிதாக வருவது 11 ஆகும்.

கடைசியில் அச்செடுத்துப் பென்சிலால் ஒவ்வொரு பலூனையும் டிக் செய்தார். எதிரே ஃபிட்டர் பம்பைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். பத்தாவதில் பென்சில் நின்றது. பட்டியலில் போல்ட் 6. ஃபிட்டர் கையில் 8. சிறிய பம்பின் மாடலை நகலெடுத்து உருவாக்கியது இது. கேசிங்கில் துளைகளை எட்டாக்கியபோது, போல்ட்டுகளின் வட்ட வரிசை அதனுடன் இணைக்கப்படாததால் ஆறிலேயே நின்றுவிட்டது. மென்பொருள் மாடலில் இருப்பதை எண்ணுகிறதே தவிர, மேசையில் இருப்பதை அல்ல. பலூனிலும் தவறு தெரியாது. அது 10 என்று சரியாகத்தான் காட்டியது.

வரைவாளர் வரிசையைத் துளைகளோடு இணைத்தார். பட்டியலில் 6 தானாகவே 8 ஆயிற்று. மறுபடி அச்செடுத்த தாளை ஃபிட்டர் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.