பெயர் பொருந்தினால் ஆட்டோகேட் திறக்கும்

பொறியியல் படிக்கப் போன பிள்ளை இருக்கும் வீட்டில், முதல் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே ‘ஆட்டோகேட்’ என்ற பெயர் காதில் விழும். கட்டட வரைபடமோ இயந்திர உறுப்பின் வரைபடமோ, கணினியில் வரையப் பழக்குவதற்குப் பல கல்லூரிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. நான் வரைபட வேலையில் இருப்பவன் என்பதால், உறவில் யாருக்கு அது தேவைப்பட்டாலும் மடிக்கணினி என் மேசைக்கு வந்துவிடும். போன மாதம் வந்தது என் அண்ணன் மகளுடையது. பொலிடெக்னிக்கில் சிவில் டிப்ளோமா முதலாண்டு படிக்கிறாள். முதல் வரைபடத்தை ஒப்படைக்க அவளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

“சித்தப்பா, கடையில ஐம்பது வெள்ளிக்குப் போட்டுத் தர்றாங்களாம். அப்பா அதையே செய்யச் சொல்றாரு” என்றாள்.

“உனக்கு அது இலவசம்மா. காசு வேணாம். உன் பேரு எல்லா இடத்திலயும் ஒண்ணா இருந்தா போதும்” என்றேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம், தகுதியுள்ள மாணவருக்கும் ஆசிரியருக்கும் தன் மென்பொருள்களை ஓராண்டு உரிமத்தில் இலவசமாகத் தருகிறது. படிப்பு தொடரும்வரை ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மாணவருக்கு என்று தனி மென்பொருள் கிடையாது. அலுவலகத்தில் நான் பணம் கட்டிப் பயன்படுத்தும் அதே ஆட்டோகேட்தான் அவளுக்கும். உரிமம் கணினிக்குள் இருப்பதில்லை, கணக்கில் இருக்கிறது. முன்பு தொடர் எண்ணைத் தட்டச்சு செய்து திறந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது மென்பொருள் திறக்கும்போது, உள்ளே நுழைந்தவர் யார், அவர் கணக்கில் உரிமம் இருக்கிறதா என்று இரண்டைத்தான் பார்க்கிறது. அதனால் நிறுவும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முட்டும்.

முதலில் கணக்கு. ஆட்டோடெஸ்க்கின் கல்விப் பக்கத்தில் நாடு, கல்வி நிலையத்தின் வகை, மாணவரா ஆசிரியரா, பிறந்த தேதி ஆகியவற்றைக் கேட்கிறார்கள். பிறகு பெயரும் மின்னஞ்சலும். அதற்கடுத்து கல்லூரியின் பெயர், படிப்பு தொடங்கிய மாதம், முடியப்போகும் மாதம். இங்கேதான் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் சிக்கலாகும். அடையாள அட்டையில் பெயர், A/P, அப்பா பெயர் என்று முழுதாக இருக்கும். கல்லூரிப் பதிவிலும் அப்படித்தான். பிள்ளையின் மின்னஞ்சலிலோ செல்லப் பெயரோடு ஓர் எழுத்து மட்டும் இருக்கும். அண்ணன் மகள் பள்ளிக் காலத்தில் திறந்த மின்னஞ்சல் அப்படிப்பட்டது. அதையே இங்கும் கொடுக்க இருந்தாள். அதை விட்டுவிட்டு, கல்லூரி தந்த மின்னஞ்சலில் புதுக் கணக்கு திறக்கச் சொன்னேன். முதல் பெட்டியில் அவள் பெயர், இரண்டாம் பெட்டியில் அப்பா பெயர். இரண்டும் கல்லூரிப் பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. A/P-ஐச் சேர்க்கவில்லை. அது தடையாக இருக்கவில்லை.

சிலருக்குத் தகுதிச் சோதனை அப்போதே முடிந்துவிடும். அப்படி முடியாவிட்டால், மாணவர்தான் என்று காட்ட ஓர் ஆவணத்தைப் பதிவேற்றச் சொல்வார்கள். அந்த ஆவணத்தில் மூன்று விவரம் தெளிவாகத் தெரிய வேண்டும்: மாணவரின் முழுப் பெயர், கல்லூரியின் பெயர், நடப்புக் கல்வியாண்டுக்குள் அடங்கும் ஒரு தேதி. மாணவர் அட்டையைத்தான் எல்லாரும் முதலில் படம் எடுப்பார்கள். அவளுடைய அட்டையில் படம் இருந்தது, பெயர் இருந்தது, பதிவு எண் இருந்தது. தேதி மட்டும் எங்கும் இல்லை. அதை அனுப்பியிருந்தால் திரும்பி வந்திருக்கும், இரண்டு மூன்று நாள் வீணாகியிருக்கும். கல்லூரி அலுவலகத்தில் மாணவர் உறுதிக் கடிதம் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். மலாயில் ‘சூராட் பெங்ஙெசாஹான்’ என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். தேதி போட்ட அந்தக் கடிதத்தை முழுப் பக்கமும் தெரியும்படி அனுப்பினோம். கட்டணம் செலுத்திய ரசீதில் இந்த மூன்றும் இருந்தால் அதுவும் ஆகும். மைகார்டை அனுப்பத் தேவையில்லை. ஒருவர் மாணவர் என்பதை அது காட்டாது.

இரண்டாம் நாள் மாலை, தகுதி உறுதியானது என்று மின்னஞ்சல் வந்தது. இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. தகுதி உறுதியானது வேறு, ஆட்டோகேட் உரிமம் கணக்கில் ஏறுவது வேறு. அதே கல்விப் பக்கத்துக்குத் திரும்பிப் போய், பட்டியலில் ஆட்டோகேட்டுக்குக் கீழே உள்ள Get product என்ற பொத்தானை அழுத்தினால்தான் உரிமம் அவள் பெயரில் வரும். ரெவிட் வேண்டுமென்றால் அதற்கும் தனியாக அழுத்த வேண்டும். பிறகு விண்டோஸா மேக்கா, எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த மொழி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உள்ள பதிப்பையே எடுப்பது நல்லது. ரெவிட்டில் இது மிக முக்கியம். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்கவே திறக்காது. ஆட்டோகேட்டுக்கு வட்டில் 10 ஜிபி அளவுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, நல்ல இணையத்தில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

அவளுடைய கணினியில் நிறுவல் ஒழுங்காக முடிந்தது. ஆட்டோகேட்டைத் திறந்து Sign in அழுத்தியதும், மின்னஞ்சல் கேட்க வேண்டிய பக்கம் வெள்ளையாகவே நின்றது. மறுபடி திறந்தாலும் அதே வெள்ளைதான்.

இணையப் பக்கங்கள் எல்லாம் திறக்கின்றன, ஆட்டோடெஸ்க் பக்கம் மட்டும் அந்தக் கணினியில் திறக்கவில்லை, ஆனால் அதே இணையத்தில் கைப்பேசியில் திறக்கிறது. இப்படி இருந்தால் தடை கணினிக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். “இந்த கம்ப்யூட்டர் யாருதும்மா?” என்று கேட்டேன். பெரியம்மா மகன் படித்து முடித்துவிட்டுத் தந்தது என்றாள். அவன் காலத்தில் ஏதோ ஒரு கடையில் பூட்டுடைத்த ஆட்டோகேட் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போடுபவர்கள், மென்பொருள் நிறுவனத்தைத் தொடர்புகொள்ளாமல் இருக்க, விண்டோஸில் இந்தக் கோப்பில் சில வரிகளைச் சேர்த்துவிடுவது வழக்கம்:

```
C:\Windows\System32\drivers\etc\hosts
```

நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்து, அதில் இந்தக் கோப்பைத் திறந்து பார்த்தோம். 127.0.0.1 என்று தொடங்கி autodesk.com என்று முடியும் வரிகள் ஏழு இருந்தன. 127.0.0.1 என்பது அந்தக் கணினிக்கே உரிய முகவரி. அதாவது, ஆட்டோடெஸ்க்கைத் தேடிப் போகும் எதையும் வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும் வரிகள் அவை. பழைய ஆட்டோகேட்டை நீக்கிய பிறகும் அவை அங்கேயே கிடந்திருக்கின்றன. அந்த ஏழு வரிகளை மட்டும் அழித்துச் சேமித்து, கணினியை மறுபடி தொடங்கினோம். மின்னஞ்சல் கேட்கும் பக்கம் வந்தது. இந்த வரிகள் இல்லாமலும் பக்கம் வராவிட்டால், பூட்டுடைத்தவர்கள் மாற்றிய வேறு கோப்புகள் இருக்கலாம். அப்போது விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுவது பாதுகாப்பு. அண்ணனுக்கு நான் சொன்னதும் இதைத்தான். ஐம்பது வெள்ளி கொடுத்தால் போவது ஐம்பது வெள்ளி மட்டும் இல்லை.

உள்ளே நுழைந்த பிறகும் ஒரு தடங்கல் வரக்கூடும். உங்கள் கணக்கில் உரிமம் இல்லை என்றோ, சோதனைக் காலம் இத்தனை நாள் மீதம் என்றோ திரை சொல்லும். மென்பொருளை நீக்கி மறுபடி போட வேண்டிய அவசியம் இல்லை. மேலே வலப்பக்கத்தில் தெரியும் கணக்கின் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் பழைய சொந்த மின்னஞ்சலில் நுழைந்திருப்பார்கள். வெளியேறி, தகுதி பெற்ற மின்னஞ்சலில் நுழைந்தால் சரியாகிவிடும். பெயர் சரியாக இருந்தும் சோதனைக் காலம் என்று வந்தால், அந்தப் பெயரை அழுத்தி Manage License பகுதியில் உரிம வகையை மாற்றலாம். அதிலும் ஆகாவிட்டால், கல்விப் பக்கத்தில் Get product அழுத்தாமல் விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒப்படைக்க நான்கு நாள் இருக்கும்போது அவள் வரையத் தொடங்கிவிட்டாள். விடுமுறையில் தோட்டத்தில் உள்ள தாத்தா வீட்டுக்குப் போவாள், அங்கே இணையம் சரியாகக் கிடைக்காது. அதனால் இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். இணையம் இல்லாமலும் ஆட்டோகேட் வேலை செய்யும். ஆனால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் சேர்ந்து உரிமத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் வீட்டில் ஒருமுறை திறந்துவிட்டுப் போனால் போதும்.

இந்த உரிமத்தின் எல்லையும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். படிக்க, கற்பிக்க, ஆய்வு செய்ய மட்டுமே இது. போன வாரம் அவளுடைய மாமா, குத்தகை வேலை செய்பவர், ஒரு வீட்டுச் சமையலறை நீட்டிப்புக்குப் படம் வரைந்து தரச் சொல்லி முந்நூறு வெள்ளி பேசியிருக்கிறார். முன்பெல்லாம் மாணவர் உரிமத்தில் வரைந்த படத்தை அச்சிட்டால், இது மாணவர் பதிப்பில் செய்தது என்ற வரி தாளின் ஓரங்களில் விழும். இப்போது ஆட்டோகேட்டில் அது விழுவதில்லை. வரி விழாததால் அனுமதி உண்டு என்று அவர் எடுத்துக்கொண்டார். வரி போனாலும் விதி போகவில்லை. காசு வாங்கும் வேலைக்கு அதைத் தொடக்கூடாது. பயிற்சிக்குப் போகும் நிறுவனத்தின் வேலையும் அப்படித்தான். அந்த நிறுவனம் தன் உரிமத்தைத் தர வேண்டும்.

மாமாவிடம் அவளே போய்ச் சொன்னாள். “இப்ப இதுல செய்ய முடியாது மாமா. படிச்சு முடிச்சதும் சொந்தமா வாங்கி வரைஞ்சு தர்றேன்.” அவர் சமையலறைப் படத்தை வேறொரு வரைவாளரிடம் கொடுத்துவிட்டார். அவளுடைய கைப்பேசி நாள்காட்டியில் அடுத்த ஆண்டு இதே மாதத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: ‘ஆட்டோகேட் புதுப்பிக்கணும், புதுக் கடிதம் வாங்கணும்’.