மெதுவாகப் படிப்பவருக்கான கணக்கு

ஜெயங்கொண்டம் போன்ற ஊரில் ஒலியில்லாத எழுத்து வீடியோவுக்குக் குறைவில்லை. காதணி விழா, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எதுவானாலும் 30 நொடிக்குள் ஓடும் சொற்களாகச் செய்து கேட்கிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நெடுநாள் 30 நொடிதான் என்று இருந்தது. அந்த வரம்பு தளர்ந்த பிறகும் கணக்கு பழகிப்போய்விட்டது. இந்த வேலையைக் களத்தில் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. வாடிக்கையாளர் அனுப்பிய வாசகத்தை வரி வரியாகப் பிரிக்கிறார்கள், எழுத்துரு தேர்கிறார்கள், அசைவு சேர்க்கிறார்கள். ஒரு வரி எத்தனை நொடி நிற்க வேண்டும் என்பதை மட்டும் தாளில் எழுதுவதில்லை. கணினியின் முன் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். செய்பவர் அந்த வரியை அதற்குள் முப்பது முறையாவது படித்திருப்பார். அவர் அதைப் படிப்பதில்லை, அடையாளம் காண்கிறார். அவருக்கு இரண்டு நொடி நீளமாகத் தெரியும். முதல் முறை பார்ப்பவருக்கு அதே இரண்டு நொடியில் பாதி வரி கைவிட்டுப் போகும். ஆகவே நேரத்தைக் கண்ணுக்கு விடாமல், வாசகம் எழுதும்போதே எண்ணி எழுத வேண்டும்.

எதை எண்ணுவது? சொற்களை எண்ணும் வழக்கம் தமிழுக்குப் பொருந்தாது. ‘கங்கைகொண்டசோழபுரத்திலிருந்து’ என்பது ஒரே சொல். சொல்லுக்கு அரை நொடி என்று வைத்தால் அது வந்த வேகத்தில் மறைந்துவிடும். கணினி காட்டும் குறியீட்டு எண்ணிக்கையும் உதவாது. அது உயிர்மெய்யின் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால், இந்தச் சொல்லுக்கு 28 என்று சொல்லும். நாம் படிக்கும் எழுத்துகளோ 16தான். எழுத்துக்குக் கால அளவு வகுத்த மொழி நம்முடையது. கண் இமைக்கும், கை நொடிக்கும் நேரத்தை மாத்திரை என்று கொண்டு, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. வீடியோவுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பவரின் வேகத்தைக் கொண்டு, நொடிக்கு எட்டு எழுத்து என்று வைக்கலாம். புதிய வரியைக் கண் தேடிப் பிடிக்க ஒரு நொடி கூட்ட வேண்டும். எண் வந்தால் அதை வாயால் சொல்லும் சொல்லாக மாற்றி எண்ண வேண்டும். ‘10 கி.மீ.’ என்பது கண்ணுக்குச் சிறியது. படிப்பவருக்கு அது ‘பத்து கிலோமீட்டர்’.

இந்தக் கணக்கை ஒரு வாசகத்தில் பொருத்திப் பார்க்கலாம். ஜெயங்கொண்டத்திலிருந்து ஏறக்குறைய 10 கி.மீ. தொலைவில் இருக்கும் கங்கைகொண்டசோழபுரத்துக்கு ஆடித் திருவாதிரையன்று மக்களை அழைக்க வேண்டும் என்று கொள்வோம். ‘முதலாம் ராஜேந்திர சோழனால் கட்டப்பட்டு, 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட கோயிலுக்கு அனைவரும் வருக’ என்று தொடங்கினால் தகவல் சரிதான். ஆனால் தமிழில் வினை கடைசியில் வருவதால், ‘வருக’வைப் படிக்கும்போது தொடக்கம் மறந்திருக்கும். அதே செய்தியைச் சிறு வரிகளாக இப்படி எழுதலாம்:

0 – 3 நொடி: தஞ்சையில் ஒரு பெரிய கோயில்.
3 – 5.5: அது தந்தை கட்டியது.
5.5 – 8.5: மகனும் ஒரு கோயில் கட்டினார்.
8.5 – 9.5: வெறும் திரை.
9.5 – 13.5: கங்கை / கொண்ட / சோழபுரம்
13.5 – 17.5: ஜெயங்கொண்டத்திலிருந்து / 10 கி.மீ.
17.5 – 21: ஆடித் திருவாதிரை / ராஜேந்திரன் பிறந்த நாள்
21 – 25: அன்று வாருங்கள்.

முதல் வரியில் 13 எழுத்து. எட்டால் வகுத்து ஒன்று கூட்டினால் 2.6 நொடி, மேல்நோக்கி 3 என்று வைத்தோம். ஊர்ப்பெயரில் 11 எழுத்துதான், இரண்டரை நொடி போதும். ஆனாலும் நான்கு கொடுத்தது, பார்ப்பவர் மனத்தில் தங்க வேண்டியது அந்தப் பெயர் என்பதால். அதற்கு முந்தைய ஒரு நொடி வெறுமை, ‘எந்தக் கோயில்’ என்ற கேள்வி எழுவதற்கான இடம். நெடுக்குத் திரையில் அந்தப் பெயரை ஒரே வரியில் எழுதினால் எழுத்து பொடியாகிப் போகும். அதனால் பொருள் பிரியும் இடத்தில் மூன்றாக வெட்டி அடுக்கியிருக்கிறோம். ‘கங்கைகொ’ என்று இடம் கிடைத்த இடத்தில் வெட்டியிருந்தால், படிப்பவர் பின்னால் போய் மறுபடி கூட்டிப் படிக்க நேரும். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

அசைவும் இதே கணக்குக்குள் அடங்க வேண்டும். பறந்துகொண்டிருக்கும் எழுத்தைக் கண் படிப்பதில்லை, துரத்துகிறது. வரி வந்து சேர நொடியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் எட்டு ஃபிரேம் போதும். அதன்பின் அசையாமல் நிற்க வேண்டும். இன்னும் பலர் விரும்புவது தட்டச்சு போல எழுத்தெழுத்தாக வருவது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அது தமிழை உடைத்துவிடும். ‘கொ’ வரும் முன் கொம்பு தனியே வந்து நிற்கும், பின் ககரம், பின் கால். யூனிகோடிலும் சில செயலிகள் குறியை எழுத்திலிருந்து பிரித்துப் புள்ளி வட்டத்தோடு காட்டும். சொல் சொல்லாக வரவிடுவதே பிழையற்ற வழி.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் கேட்கிறேன். முதலாவது, இவ்வளவு நேரம் நின்றால் பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார் என்பது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து சொல்லைக் குறைப்பது, நேரத்தைக் குறைப்பது அல்ல. மேலே கண்ட வாசகத்தில் யுனெஸ்கோவும் ஆண்டும் விடுபட்டதால்தான் 25 நொடியில் எல்லா வரிக்கும் மூச்சு கிடைத்தது. இரண்டாவது, வேண்டுமானால் விரலால் அழுத்தி நிறுத்திப் படிக்கட்டும் என்பது. கைப்பேசியில் அது முடியும்; தெருமுனை எல்இடி திரையிலும் பிரசார வேனிலும் முடியாது. கைப்பேசியிலும், நிறுத்தத் தெரிந்தவர் வேகமாகப் படிக்கத் தெரிந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வத’த்திலும் கதையைச் சொன்னது இடையே வந்த எழுத்து அட்டைகள்தான். அந்தக் காலத்தில் படிக்காதவருக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று உரக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. இன்றைய மௌன வீடியோவுக்கு அப்படி ஆள் இல்லை. அவருடைய வேலையை நேரம்தான் செய்ய வேண்டும்.

செய்து முடித்ததும் சோதிக்க ஒரே வழி உண்டு. வாசகத்தை முன்பு பார்த்திராத, பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒருவரிடம் ஒரே ஒரு முறை காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர் உதட்டைப் பாருங்கள். வரி மறையும்போது உதடு அசைந்துகொண்டிருந்தால் அந்த வரிக்கு நேரம் போதவில்லை, அல்லது சொல் அதிகம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடுத்த வாசகத்தை வாங்கும்போதே, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுத்து எண்ணிக்கையையும் நொடியையும் குறித்துவைக்கத் தொடங்க வேண்டும்.