பெயரில் ஒளிந்திருக்கும் சொல்

ஆய்வு உதவித்தொகையில் மிச்சம்பிடித்த பணத்தை ‘இ.எஸ்.ஜி.’ என்று பெயர் தாங்கிய பரஸ்பர நிதி ஒன்றில் இட்டேன். மாதப் பட்டியலில் ஓர் எண்ணெய் நிறுவனத்தைக் கண்டதும் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணினேன். பிழை என் வாசிப்பில் இருந்தது.

2023 ஜூலையில் செபி இத்தகைய நிதிகளுக்கு ஆறு உத்திகளை வகுத்து, உத்தியின் பெயர் திட்டத்தின் பெயரிலேயே இடம்பெற வேண்டும் என்றது. ‘எக்ஸ்குளூஷன்’ எனில் குறிப்பிட்ட சில தொழில்கள் விலக்கப்படும். ‘இன்டெக்ரேஷன்’ எனில் சூழல், சமூகம், நிர்வாகம் ஆகியவை நிதிக் கணக்கோடு சேர்த்து எடைபோடப்படும். எந்தத் தொழிலையும் விலக்கியே தீர வேண்டும் என்பதில்லை. என்னுடையது இரண்டாவது வகை.

ஆகவே முதலில் பெயரில் உள்ள உத்தியைப் பாருங்கள். பிறகு திட்ட ஆவணத்தில் எவை, எந்த வரம்புக்கு மேல் விலக்கப்படும் என்று தேடுங்கள். இறுதியாக, மாதப் பட்டியலை நிஃப்டி 50 பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாயிருந்தால், அந்தப் பெயரடை பெயரை மாற்றியதேயன்றிப் பொருளை மாற்றவில்லை.