முளை எங்கே விழுந்தது?

டி.டி.பி. வேலை கற்க வரும் பிள்ளைகளின் கவலையெல்லாம் டைப்பிங் வேகத்தைப் பற்றித்தான். வேகம் தானாக வரும். கரெக்‌ஷன் போட உட்காரும்போது நேரம் போவது டைப் அடிப்பதில் இல்லை, எதை மாற்றப் போகிறோமோ அதைச் சரியாகப் பிடிப்பதில். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதைத் தனியாக யாரும் சொல்லித் தருவதில்லை.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த அண்ணன் மௌஸை இழுத்து மேட்டரைத் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததே இல்லை. இடது சுண்டுவிரல் ஷிப்ட் மேலேயே கிடக்கும். ஒரு சொல் வேண்டுமா, இரண்டு கிளிக். பத்தி வேண்டுமா, மூன்று. மூன்று பக்கம் நீளும் மேட்டர் என்றால் தொடக்கத்தில் ஒரு கிளிக் வைப்பார், சக்கரத்தை உருட்டிக்கொண்டு போவார், முடிகிற இடத்தில் ஷிப்டோடு ஒரு கிளிக். நாங்கள் இழுத்தால் திரையின் அடிவிளிம்பைத் தொட்டதும் பக்கங்கள் தலைதெறிக்க ஓடும். பிடிக்கப் போய் பத்துப் பக்கம் தாண்டியிருக்கும். “முளையை எங்கடா அடிச்சே?” என்பார்.

மாடு கட்டுகிற முளைதான். ஷிப்ட் இல்லாமல் கடைசியாகக் கிளிக் செய்த இடத்தில் அது இறங்குகிறது. அதன் பிறகு ஷிப்டோடு எங்கே கிளிக் செய்தாலும் முளையிலிருந்து அந்த இடம் வரை தேர்வாகும். இரண்டு வரி கூடிப்போனால் பதறி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஷிப்டை விடாமல் சரியான இடத்தில் இன்னொரு கிளிக் போதும், தேர்வு சுருங்கிக்கொள்ளும். நடுவே ஷிப்ட் இல்லாமல் அம்புக்குறியையோ பேஜ் டவுனையோ தட்டினால் முளை பெயர்ந்துவிடும். அதனால்தான் அண்ணன் சக்கரத்தை மட்டும் உருட்டுவார். இன்னொரு நுணுக்கமும் உண்டு. முதல் சொல்லை இரட்டைக் கிளிக்கில் பிடித்துவிட்டுக் கடைசிச் சொல்லின் நடுவில் எங்காவது ஷிப்டோடு கிளிக் செய்தால், வேர்டில் தேர்வு முழுச் சொல்லாகவே நீளும். எழுத்துக்கு நடுவே வெட்டு விழாது.

சொல்லை இரண்டு கிளிக்கில் பிடிக்கும் வழக்கம் 1970களின் நடுவில் அமெரிக்காவில், ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் டிம் மாட், லாரி டெஸ்லர் இருவரும் எழுதிய ஜிப்ஸி என்ற மென்பொருளிலேயே இருந்தது. ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்தின் எடிட்டர்களுக்காக எழுதப்பட்டது அது. ஆக, முதலிலிருந்தே இது புத்தக வேலைக்காரர்களின் சொத்துதான்.

ஆனால் தமிழில் இந்த இரட்டைக் கிளிக் காலை வாரிவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய மேட்டர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது கணினிக்குள் இப்படித்தான் இருக்கும்:

```
jkpo;
```

கடைசியில் நிற்கிற அரைப்புள்ளிதான் நம் மெய்ப்புள்ளி. கணினிக்கு அது தெரியாது. ஆங்கில நிறுத்தற்குறி என்று நினைத்து அதற்கு முன்பே சொல்லை முடித்துவிடும். ‘தமிழ்’ மீது இரட்டைக் கிளிக் செய்தால் ‘தமிழ’ வரைதான் தேர்வாகும், புள்ளி வெளியே நிற்கும். புரூஃபில் அந்தச் சொல்லை அடித்து ‘மொழி’ என்று எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கிளிக் செய்து மேலேயே அடித்தால் உள்ளே கிடப்பது இது:

```
nkhop;
```

‘மொழி’யின் தலையில் வேண்டாத புள்ளி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன எழுத்தில் அது கண்ணில் படாது. அடுத்த புரூஃபில் திருத்துநர் சிவப்பு மையால் சுழித்து அனுப்புவார், பையன் “நான் சரியாத்தானே அடிச்சேன்” என்பான். அடித்தது சரிதான், பிடித்தது சரியில்லை. ‘அம்மா’ இன்னும் மோசம், mk;kh என்று நடுவிலேயே உடைந்து இரண்டு சொல்லாகிவிடும். பாமினி மேட்டரில் சொல்லின் முன்னால் கிளிக் வைத்து, புள்ளியையும் தாண்டி ஷிப்டோடு கிளிக் செய்வதுதான் வழி. யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை, புள்ளி எழுத்தோடு ஒட்டியே வரும்.

மூன்று கிளிக்கைப் பொறுத்தவரை, எந்த மென்பொருளில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேஜ்மேக்கரிலும் வேர்டிலும் மூன்று கிளிக் ஒரு பத்தி. இன்டிசைனில் அமைப்பை மாற்றாமல் விட்டால் மூன்று கிளிக் ஒரு வரியைத்தான் பிடிக்கும். பத்திக்கு நான்கு, மேட்டர் முழுவதற்கும் ஐந்து. பேஜ்மேக்கர் கை பழகியவர்கள் மூன்று தட்டிவிட்டு பாயின்ட் சைஸைக் குறைப்பார்கள். பத்தியில் ஒரு வரி மட்டும் சிறுத்து நிற்கும். பழைய பழக்கமே வேண்டும் என்றால் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் Triple Click to Select a Line என்பதன் டிக்கை எடுத்துவிடலாம். நான் எடுப்பதில்லை. அடுத்தவர் கணினியில் உட்காரும்போது கை தடுமாறும்.

வேர்டில் மூன்று கிளிக் பிடிக்கிற பத்தியோடு, அதன் முடிவில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பத்திக்குறியும் சேர்ந்து வரும். பத்தியின் ஸ்டைல் அந்தக் குறியில்தான் இருக்கிறது. ஒரு வரித் தலைப்பை மூன்று கிளிக்கில் எடுத்து வேறொரு பத்தியின் நடுவில் ஒட்டினால், அந்தப் பத்தி இரண்டாக உடைந்துபோகும். எழுத்து மட்டும் வேண்டும் என்றால் மூன்று கிளிக்குக்குப் பிறகு ஷிப்டோடு இடது அம்புக்குறியை ஒருமுறை தட்டுங்கள், குறி கழன்றுவிடும். கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தக் குறிகள் திரையில் தெரியும். புதிதாகக் கற்பவர்கள் அதைத் தெரியும்படி வைத்துக்கொண்டே வேலை செய்வது நல்லது.

ஃபைல் பட்டியலிலும் அதே முளைக் கணக்குதான், ஒரு சூது மட்டும் கூடுதல். ஒரு பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். மூன்றாவது ஃபாரம், அதாவது 33 முதல் 48 வரையிலான பக்கங்கள் மட்டும் வேண்டும். 33இல் கிளிக், 48இல் ஷிப்டோடு கிளிக். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் அடியில் 16 items selected என்று வர வேண்டும். 15 என்று வருகிறது. ஏன்? 40ஆம் பக்கம் மங்கலாக விழுந்ததால் மறுநாள் திரும்ப ஸ்கேன் செய்திருக்கிறார்கள், பட்டியலோ தேதி வரிசையில் நிற்கிறது. 40 பட்டியலின் இன்னொரு முனைக்குப் போய்விட்டது. ஷிப்டுக்குப் பக்க எண் தெரியாது, திரையில் இரண்டு கிளிக்குக்கும் நடுவில் நிற்பதை அள்ளும். Name என்ற தலைப்பில் கிளிக் செய்து பெயர் வரிசைக்கு மாற்றிவிட்டு மறுபடி பிடித்தால் 16 வரும். கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்று கூட்டிப் பார்க்காமல் நான் எந்த ஃபைலையும் நகர்த்துவதில்லை.

அதோடு ஐந்தாவது ஃபாரமும் வேண்டும் என்றால், 65ஐக் கண்ட்ரோலோடு கிளிக் செய்யுங்கள். முதல் தேர்வு அப்படியே இருக்கும், முளை மட்டும் 65க்கு மாறும். பிறகு கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 80ஐக் கிளிக் செய்தால் 32 items selected. கண்ட்ரோலை அழுத்தியிருக்கும்போது மௌஸ் கொஞ்சம் வழுக்கினாலும் அது இழுத்ததாகக் கணக்காகி, தேர்ந்தெடுத்த ஃபைல்களுக்கெல்லாம் நகல் விழுந்துவிடும். பெயரின் முடிவில் Copy என்று தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. உடனே கண்ட்ரோல் Z.

இத்தனையும் தெரிந்தும் ஒரு கிளிக் வைத்த இடத்தில் முழுச் சொல்லும் தேர்வாகிறதா? உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். மௌஸ் பட்டனுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் தேய்ந்து, ஒரு அழுத்தலை இரண்டாக அனுப்புகிறது. வேறு மௌஸைச் செருகிப் பாருங்கள்.

ஸ்கேன் செய்து தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபைலுக்கு 1, 2, 10 என்று பெயர் வைக்காதீர்கள். 001, 002, 010 என்று வையுங்கள். முன்னால் சுழியம் இல்லாவிட்டாலும் எக்ஸ்ப்ளோரர் எண்ணைப் புரிந்துகொண்டு சரியாக அடுக்கும். ஆனால் வேறு சில மென்பொருள்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும், அங்கே ஷிப்ட் அள்ளுவது நீங்கள் நினைத்த பக்கங்களாக இருக்காது.