கொப்பளித்தால் போதுமா? தொண்டை வலிக்கு உப்பு, மஞ்சள், கொய்யா இலை... எதுவரை உதவும்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், காரைக்கால்மேட்டில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவருக்காவது தொண்டை கட்டிவிடும். ஒரு வீட்டில் உப்புத் தண்ணீர், அடுத்த வீட்டில் மஞ்சள், கொய்யா மரம் இருக்கிற வீட்டில் இலைக் கஷாயம் என்று ஆளுக்கொரு வைத்தியம். போன மழைக்காலத்தில் என் அக்கா மகளுக்கு இரண்டு முறை தொண்டை வலி வந்தது. இரண்டும் ஒரே மாதிரி வலி இல்லை.

முதல் முறை மூக்கு ஒழுகியது, இருமல் இருந்தது, உடம்பு லேசாகச் சுட்டது. சளியோடு வரும் இந்த மாதிரி வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கும். அதுவரை எரிச்சலைத் தணிக்கத்தான் கொப்பளிப்பது.

அக்கா செய்தது இதுதான். ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் தூள் உப்பு. இந்த அளவில் கரைத்தால் தண்ணீரின் உப்பு, நம் ரத்தத்தில் இருப்பதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். அதனால் வீங்கிய சதையிலிருந்து நீரைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், கெட்டியான சளியும் இளகும். 'இன்னும் ரெண்டு ஸ்பூன் போட்டா சீக்கிரம் ஆறும்' என்று அள்ளிப் போட்டால் தொண்டை வறண்டு எரிச்சல்தான் கூடும்.

தலையைப் பின்னால் சாய்த்து, 'ஆ...' என்று சத்தம் கொடுத்தபடி அரை நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும். டம்ளர் காலியாகும்வரை இப்படி. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை போதும். ஐந்தாம் நாள் அவள் சரியாகிவிட்டாள்.

உப்பைவிடவும் கழுவுதலுக்கே ஒரு பலன் உண்டு. ஜப்பானில் 387 பேரை வைத்து 60 நாள் நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது. வெறும் தண்ணீரில் தினமும் மூன்று முறை கொப்பளித்தவர்களுக்குச் சளி வருவது குறைந்தது. அயோடின் மருந்தில் கொப்பளித்தவர்களுக்கு அந்த அளவு பலன் தெரியவில்லை.

மஞ்சளின் சத்தான குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. டம்ளரின் அடியில் தங்கிவிடும். கால் டீஸ்பூன் போதும், ஒவ்வொரு வாய்க்கும் கலக்கிக்கொள்ள வேண்டும். சமையல் மஞ்சள்தான் சரி, முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சள் வேண்டாம்.

கொய்யா இலையில் ஐந்தாறைக் கழுவி, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒன்றாகச் சுண்டவைத்து, வடிகட்டி ஆறவிட வேண்டும். கொய்யாப் பிஞ்சைக் கடித்தால் வாய் துவர்த்து இழுக்குமே, அதே துவர்ப்புதான் தொண்டைக்கு இதம் தருகிறது. இரண்டு வேளை போதும். மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது.

ஏலத்தில் கத்திக் கத்தி அத்தைக்குக் குரல் போனபோது அவரும் கொப்பளித்தார். குரல் வரவில்லை. குரல்நாண் தொண்டைக்கும் கீழே மூச்சுக்குழாய் வாசலில் இருக்கிறது, கொப்பளிக்கிற தண்ணீர் அங்கே போகாது. போனால் புரையேறிவிடும். அதற்கு மருந்து பேசாமல் இருப்பதுதான். மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மலாக இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கார்த்திகையில் அக்கா மகளுக்கு வந்த இரண்டாவது வலி வேறு. திடீரென்று 102 டிகிரி காய்ச்சல். எச்சில் விழுங்கவே அழுதாள். ஆனால் சளியும் இல்லை, இருமலும் இல்லை. தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கிற நெறி. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சில் மேல் வெள்ளைத் திட்டுகள்.

"கொப்பளிச்சா வலி கொஞ்சம் குறையுதுக்கா, ஆனா காய்ச்சல் விடலையே" என்றேன். அன்றே கூட்டிப்போனோம்.

பரிசோதித்த மருத்துவர் இது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா என்றார். 5 முதல் 15 வயதுக்குள் இது அதிகம். கொப்பளிப்பு மேலே மட்டும்தான் படும், டான்சிலின் சதைக்குள் இருக்கும் கிருமியைத் தொடாது. வலி அடங்கிவிட்டதே என்று விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வையே கெடுக்கும். வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் சரியான ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் இதைத் தடுக்கலாம். அவளுக்குப் பத்து நாள் மருந்து. மூன்றாம் நாளே ஓடியாட ஆரம்பித்தாள், ஆனாலும் பத்து நாளும் கொடுத்தோம்.

ஐந்தாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொப்பளிக்கத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கவனமாகத் துப்ப வேண்டும். அரை டீஸ்பூன் என்பது 3 கிராம் உப்பு. நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வாய் திறக்க முடியாமை, எச்சில் வழிதல், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுப்பில் தண்ணீர் வைக்க வேண்டாம், நேரே மருத்துவமனைதான். மற்ற தொண்டை வலிக்கு முதலில் பார்க்க வேண்டியது இருமலும் சளியும் இருக்கிறதா என்றுதான். இருந்தால் டம்ளரை எடுங்கள். அவை இல்லாமல் காய்ச்சல் மட்டும் ஏறினால், கொப்பளித்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள்.