கப்பல்கள் அருகிய துறை

ஒரு துறைமுகம் தன் வாழ்வை இழப்பதற்குப் பகைவரின் பீரங்கி வேண்டியதில்லை. அதனினும் பாதுகாப்பான துறையொன்று அண்மையில் அமைந்தாலே போதும். காலித் துறைமுகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற தாயொருவரும், ஆசிரியரான அவர் மகனும் ஓர் ஓகஸ்ட் விடுமுறையில் நான்கு நாட்களைக் காலியிற் கழித்தனர். மலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கிய பேருந்து, அம்பாந்தோட்டையையும் மாத்தறையையும் கடந்து அவர்களை அங்கே சேர்த்தது. காலையும் மாலையும் கோட்டை மதில்மேல் நடப்பதும், 1939ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கத்தின் அருகே அமர்ந்து கடலைப் பார்த்திருப்பதுமே அவர்களின் அலுவல்.

"இம்புட்டுக் கடல் கெடக்கு, பெரிய கப்பல் ஒன்னையும் காணோமே, தம்பி?" என்று தாய் வினவினார்.

விடை அவர் கண்முன்னேயே இருந்தது. தென்மேல் பருவக்காற்று வீசும் காலமாதலால், விரிகுடாவின் வாயிலில் அலைகள் ஆங்காங்கே வெண்ணுரையாய்ச் சிதறின. நுரை எழுந்த இடங்களில் நீருக்கடியிற் பாறைகள் உண்டு என மகன் விளக்கினார். பாய்மரக் கப்பல்களின் காலத்திலே புகழ்பெற்றிருந்த இத்துறை, தெற்கு நோக்கித் திறந்து கிடந்தமையால் அக்காற்றுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. 1871 நவம்பரில் 'ரங்கூன்' என்னும் நீராவித் தபாற்கப்பல் இத்துறையிலேயே பாறையில் மோதி மூழ்கியது. கொழும்பிலோ 1875இல் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பெற்று, 1885இல் அது நிறைவெய்தியது. அமைதியான நீர்ப்பரப்பைக் கண்ட கப்பல்கள் அங்கே திரும்பின. நிலக்கரி ஏற்றலும் தபாலும் பயணிகளும் அவற்றைத் தொடர்ந்து சென்றன. 1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தபோது, ஊவாவின் தேயிலையும் கொழும்பையே நாடிச் சென்றது.

"வேல போன பிறகும் சனங்க எப்படி இருந்தாங்க?"

மகன் உடனே விடை கூறவில்லை. இவர்களது தோட்டத்தில் ஒரு பிரிவு கைவிடப்பட்டு, தேயிலைச் செடிகள் மரங்களாகி, காடு மண்டிக் கிடந்தது. லயத்தை விட்டுப் பதுளை நகருக்கு வந்துவிடுமாறு அவர் தாயை நெடுநாளாக வேண்டி வந்தார்.

"இங்க வீடு அவங்களோடது, அம்மா. கப்பல் போனாலும் வீடு போகல. பிறகு வாடகைக்கு விட்டாங்க, கடை வச்சாங்க."

தாய் நெடுநேரம் கடலையே நோக்கியிருந்தார். "நம்ம லயத்துக்கு உறுதி இல்லையே" என்றார் ஈற்றில்.

தொழில் நீங்கிய ஊர்கள் யாவும் ஒரே வகையில் உறங்குவதில்லை. வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிமை பெற்றோரின் ஊர் மெல்ல வேறொரு வாழ்வுக்கு மாறுகின்றது. காணி உறுதியற்ற தொழிலாளருக்கோ வேலை முடியும் நாளே ஊரும் ஐயத்துக்குரியதாகின்றது. மதில்மேல் அமர்ந்து அந்தத் தாய் எண்ணிப் பார்த்தது இவ்வேறுபாட்டையே.